பிளாட்டினம் கார்டும் களுவாஞ்சிகுடிச் சந்தையும்

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர்கள், களுவாஞ்சிகுடிப் பக்கம். இரண்டு பிள்ளைகள். மாதச் செலவு 90,000 ரூபா வரை போகும். பாடசாலைக்கு வந்த வங்கி அலுவலர் ஒருவர் பிளாட்டினம் கார்ட் எடுக்கச் சொல்கிறார். வருடக் கட்டணம் 12,000. முதல் வருடம் இலவசம், வருடத்துக்கு 12 இலட்சம் செலவழித்தால் அடுத்த வருடமும் கட்டணம் இல்லையாம். 100 ரூபாவுக்கு 1 பொயின்ட், 2,000 பொயின்ட்ஸுக்கு 1,000 ரூபா வவுச்சர். கட்டுநாயக்கா லவுஞ்ச், ஹோட்டல் தள்ளுபடி எல்லாம் உண்டு. இப்போது கையில் உள்ள சாதாரணக் கார்டுக்குக் கட்டணம் 1,500, 200 ரூபாவுக்கு 1 பொயின்ட், வவுச்சர் கணக்கு அதேதான். மாறினால் லாபமா?

பதினேழு வருடம் ஒரு தனியார் வங்கியின் கார்ட் பிரிவில் இருந்தேன். முதலில் கொழும்பில், கடைசி ஆறு வருடம் மட்டக்களப்பில். இப்படியான கார்டுகளை நானே விற்றிருக்கிறேன். அடுத்த வருடம் கட்டணம் விழுந்ததும் பில்லோடு வந்து நின்றவர்களுக்கு முகம் கொடுத்ததும் நான்தான். நீங்கள் எண்களையும் எழுதியிருப்பது பெரிய உதவி. பெரும்பாலானவர்கள் "நல்ல கார்டாமே" என்றுதான் வருவார்கள். முடிவை முதலிலேயே சொல்கிறேன். பொயின்ட்ஸுக்காக என்றால் வேண்டாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹோட்டல் தள்ளுபடி ஒன்றைப் பற்றி மட்டும் அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன், அதற்குப் பின்னால் வருகிறேன்.

பொயின்ட் என்பதை முதலில் ரூபாவாக மாற்றிப் பார்க்கவேண்டும். 2,000 பொயின்ட்ஸுக்கு 1,000 ரூபா என்றால் ஒரு பொயின்ட் 50 சதம். புதிய கார்டில் 100 ரூபா செலவழித்தால் கிடைப்பது அந்த 50 சதம், அதாவது நூற்றுக்கு அரை ரூபா. பழைய கார்டில் 200 ரூபாவுக்குத்தான் ஒரு பொயின்ட், ஆகவே நூற்றுக்கு 25 சதம். கார்ட் மாறுவதால் உங்களுக்குக் கூடுவது நூற்றுக்கு இந்த 25 சதம் மட்டும்தான். "இரட்டிப்புப் பொயின்ட்ஸ்" என்று அலுவலர் சொல்வது பொய்யில்லை, இரட்டிக்கிற பொருள் அவ்வளவு சின்னது.

உங்கள் 90,000ஐ நானே ஒரு மாதிரி பிரித்துப் பார்க்கிறேன், உங்கள் வீட்டுக் கணக்கோடு ஒத்துவராவிட்டால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். மீன், மரக்கறி, பால், அரிசி என்று சந்தையிலும் தெரிந்த ஆட்களிடமும் வாங்குவது 30,000. பிள்ளைகளின் டியூஷன் 12,000. இவை இரண்டும் கைக்காசு. மீன்காரரிடம் கார்ட் நீட்ட முடியாது, கணித வாத்தியாரும் கவரில்தான் வாங்குவார். மிச்சத்தில் சூப்பர்மார்க்கட் 18,000, இரண்டு மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் 10,000, மருந்துக்கடை 5,000, கரண்ட், தண்ணி, போன் பில்கள் 9,000, உடுப்பும் வீட்டுச் சாமானும் சராசரியாக 6,000. ஆகக் கார்டில் போடக்கூடியது 48,000. சம்பளத்தில் வெட்டப்படும் கடன் தவணை இந்த 90,000க்குள் இல்லையென்று எடுத்துக்கொள்கிறேன், இருந்தால் கார்டுக்குரிய பங்கு இன்னும் குறையும்.

அந்த 48,000க்கும் பொயின்ட் விழுந்துவிடாது. பெற்றோலுக்கும் பில்களுக்கும் பொயின்ட் தராத கார்டுகள் மிக அதிகம். நிபந்தனைத் தாளின் கடைசிப் பக்கத்தில் "பின்வரும் கொடுக்கல் வாங்கல்களுக்குப் புள்ளிகள் வழங்கப்படமாட்டாது" என்று தொடங்கும் பந்தியில் இருக்கும். எரிபொருள், மின்சாரம், நீர், காப்புறுதி, அரச கட்டணங்கள், தவணை முறைக்கு மாற்றிய கொள்வனவுகள், காசு எடுத்தது, இவைதான் அங்கே வழக்கமாக வரும் பெயர்கள். உங்கள் கார்டின் தாளை நான் பார்க்கவில்லை, ஆகையால் அந்தப் பந்தியை நீங்களே தேடி வாசியுங்கள். இப்போதைக்குப் பெற்றோலையும் பில்லையும் கழித்துவிட்டால் பொயின்ட் விழுகிற செலவு மாதம் 29,000, வருடத்துக்கு 3,48,000. புதிய கார்டில் அதற்கு 3,480 பொயின்ட்ஸ், ரூபாவில் 1,740. பழைய கார்டில் அதே செலவுக்கு 1,740 பொயின்ட்ஸ், ரூபாவில் 870. கட்டணம் கூடுவது 10,500, பொயின்ட்ஸ் கூடுவது 870 ரூபா.

நான் கஞ்சத்தனமாகக் கணக்குப் போடுகிறேன் என்று நினைக்கவேண்டாம். பெற்றோலுக்கும் பில்லுக்கும்கூடப் பொயின்ட் உண்டு என்று வைத்தால் வருடம் 5,76,000க்கு 2,880 ரூபா வரும். மீன்காரரும் டியூஷன் வாத்தியாரும் நாளைக்கே கார்ட் மெஷின் வாங்கி, உங்கள் 90,000 முழுவதும் கார்டில் போனாலும் வருடத்துக்கு 5,400 ரூபாதான், 12,000இல் பாதிகூட இல்லை. கட்டணத்தைப் பொயின்ட்ஸாலேயே மீட்பதென்றால் பொயின்ட் விழுகிற செலவு மட்டும் வருடத்துக்கு 24 இலட்சம், அதாவது மாதம் இரண்டு இலட்சம் வேண்டும். பழைய கார்டோடு ஒப்பிட்டால் இன்னும் தூரம். கூடுதலாகக் கட்டும் 10,500ஐக் கூடுதலாகக் கிடைக்கும் 25 சதங்களால் மீட்க மாதம் மூன்றரை இலட்சம் செலவழிக்கவேண்டும். விற்கிறவர் முதல் கணக்கைக்கூடப் போட்டுக் காட்டமாட்டார். நானும் அந்தக் காலத்தில் காட்டியதில்லை.

பெற்றோலுக்கு ஏன் பொயின்ட் இல்லை என்று பலர் கோபப்படுவார்கள். பொயின்ட்ஸுக்கான காசு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அது விளங்கிவிடும். நீங்கள் கார்ட் தேய்க்கும்போது கடைக்காரர் தன் மெஷினைத் தந்த வங்கிக்கு ஒரு கழிவு கொடுக்கிறார். அதில் ஒரு பகுதி கார்டைத் தந்த உங்கள் வங்கிக்கு வரும். அந்தப் பகுதியிலிருந்தும், பில்லை முழுதாகக் கட்டாதவர்களிடம் வாங்கும் வட்டியிலிருந்தும்தான் பொயின்ட்ஸ் கொடுக்கிறார்கள். எரிபொருளிலும் அரச பில்களிலும் அந்தக் கழிவு மிகச் சின்னது, பங்கு போட ஒன்றும் மிஞ்சாது.

வங்கி இதைப் பிரித்தறிவது நீங்கள் வாங்கிய பொருளை வைத்தில்லை. அது வங்கிக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு மெஷினுக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு வணிக வகைக் குறியீடு இருக்கும். பலசரக்கு சூப்பர்மார்க்கட்டுக்கு 5411, எரிபொருள் நிலையத்துக்கு 5541, மருந்துக்கடைக்கு 5912, மின்சாரம் தண்ணீர் போன்றவற்றுக்கு 4900. பெற்றோல் செட்டுக்குள் இருக்கிற சின்னக் கடையில் நீங்கள் பால்மா வாங்கினாலும், மெஷின் 5541இல் பதிவாகியிருந்தால் வங்கியின் கண்ணில் அது பெற்றோல்தான். நான் வேலையில் இருந்தபோது ஒருவர் வந்து, ஒரே கடையின் இரண்டு கிளைகளில் ஒன்றில் பொயின்ட் விழுகிறது, மற்றதில் இல்லை என்று முறைப்பட்டார். தேடிப் பார்த்தால் இரண்டு மெஷின்களும் வேறு வேறு குறியீட்டில் இருந்தன. நாங்கள் அதை மாற்ற முடியாது, அது கடையின் வங்கி செய்யவேண்டிய வேலை. இதைக் கண்டுபிடிக்க நேரான வழி, ஸ்டேட்மென்டில் அந்த மாதம் சேர்ந்த பொயின்ட்ஸை எடுத்து, வரவேண்டியதென்று நீங்கள் நினைக்கும் எண்ணோடு ஒருமுறை ஒப்பிடுவது. ஒரு மாதம் செய்தால் போதும், எந்தக் கடை எண்ணப்படுகிறது என்று தெரிந்துவிடும்.

சின்னச் செலவுக்காரருக்கு மட்டுமே வலிக்கிற இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, பல வங்கிகளில் ஒவ்வொரு கொள்வனவையும் தனித்தனியே எடுத்து, முழு நூறுகளுக்கு மட்டும் பொயின்ட் போடுவார்கள். 290 ரூபாவுக்கு மருந்து வாங்கினால் இரண்டு பொயின்ட், மிச்சம் 90 காற்றில் போய்விடும். மாதம் இரண்டு பெரிய பில் போடுகிறவருக்கு இது ஒன்றுமில்லை, இருபது சின்ன பில் போடுகிற வீட்டுக்கு இது ஒரு தொகை. மற்றது, குறைந்தபட்ச அளவு. வவுச்சர் 2,000 பொயின்ட்ஸாகத்தான் எடுக்க முடியும் என்றால், வருட முடிவில் உங்களிடம் இருக்கும் 3,480இல் ஒரு வவுச்சர்தான் எடுக்கலாம். 1,480 அடுத்த வருடத்துக்காகக் காத்திருக்கும். பொயின்ட்ஸுக்குக் காலாவதித் திகதி இருந்தால் அதில் ஒரு பங்கு செத்தும் போகும். ஆக அந்த 1,740 ரூபாவும் காகிதத்தில்தான், முதல் வருடம் கையில் வருவது 1,000.

சரி, 12 இலட்சம் செலவழித்தால் கட்டணம் இல்லையே என்பீர்கள். வருடத்துக்கு 12 இலட்சம் என்றால் மாதம் ஒரு இலட்சம். உங்கள் முழு வீட்டுச் செலவே 90,000, கார்டில் போகக்கூடியது 48,000. பெற்றோலும் பில்லும் அந்த 12 இலட்சத்தில் எண்ணப்படும் என்றே வைத்தாலும் 6,24,000 குறைகிறது. பொயின்ட்ஸுக்கு எண்ணாத செலவை இதற்கு எண்ணும் வங்கிகளும் உண்டு, எண்ணாதவையும் உண்டு, இரண்டையும் தனித்தனியே கேட்கவேண்டும். எப்படியும் இந்த எல்லை உங்களைப் போன்ற சம்பளக்காரர் எட்டிப் பிடித்துவிடலாம் போலத் தோன்றுகிற உயரத்தில்தான் வைக்கப்பட்டிருக்கும். பத்தாவது மாதம் ஒரு எஸ்.எம்.எஸ். வரும், "இன்னும் இவ்வளவு செலவழித்தால் கட்டணம் இல்லை" என்று. அப்போதுதான் ஆட்கள் வாங்கத் தேவையில்லாத டிவியை வாங்குவார்கள், அல்லது நகைக்கடைக்குப் போவார்கள்.

நகைக்கடையை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். கார்ட் என்றதும் "இரண்டரை வீதம் கூட வரும்" என்று சொல்கிற கடைகள் இங்கே குறைவில்லை. கடைக்காரர் தான் வங்கிக்குக் கொடுக்கும் கழிவை உங்கள் தலையில் போடுகிறார். வாடிக்கையாளரிடம் அப்படி அறவிடுவது கடைக்கும் அதன் வங்கிக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்கு மாறானது என்று மத்திய வங்கியே பொது அறிவித்தல் விட்டிருக்கிறது, கேட்டால் உங்கள் கார்டைத் தந்த வங்கிக்கு அறிவிக்கலாம். ஆனால் தங்கம் வாங்கப் போன இடத்தில், தெரிந்த கடையில், யார் சண்டை பிடிப்பது? மூன்று இலட்சத்துக்கு நகை வாங்கி இரண்டரை வீதம் கொடுத்தால் 7,500 ரூபா. அதே மூன்று இலட்சத்துக்குக் கிடைக்கும் 3,000 பொயின்ட்ஸின் பெறுமதி 1,500. கூடக் கேட்கிற கடையில் காசுதான் எப்போதும் மலிவு, எந்தக் கார்டாக இருந்தாலும்.

இன்னொரு குறுக்குவழியும் இருக்கிறது, சொந்தக்காரர் வாங்கும் பிரிட்ஜையோ சீமெந்தையோ உங்கள் கார்டில் போட்டுவிட்டு அவர்களிடம் காசாக வாங்குவது. நானும் ஒருமுறை செய்தேன். மச்சானின் வீட்டு வேலைக்கு ஓட்டுத் தகரமும் கம்பியும் என் கார்டில் எடுத்தோம். "வெள்ளாமை வெட்டினதும் தாறன்" என்றார். வெட்டினார், மழை பிடித்தது, நெல் விலை போகவில்லை. பில் மட்டும் திகதி தவறாமல் வந்தது. மச்சானோடு முகம் முறிக்க முடியாமல் நான்தான் இரண்டு மாத வட்டி கட்டினேன். கார்ட் பிரிவில் வேலை செய்த ஆளுக்கே இந்தக் கதி.

வட்டியைச் சொன்னதால் அதையும் கணக்கில் காட்டிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பொயின்ட்ஸைவிட இதுதான் பெரியது. கார்ட் தரும் வட்டியில்லாக் காலம், பில்லை முழுதாகக் கட்டினால் மட்டும்தான். ஒரு ரூபா குறைந்தாலும், பல வங்கிகள் மிச்சத்துக்கு மட்டுமில்லாமல் முழுத் தொகைக்கும், ஒவ்வொன்றும் வாங்கிய நாளிலிருந்து வட்டி போடும். உங்கள் மாத பில் 48,000, நீங்கள் 43,000 கட்டுகிறீர்கள், 5,000 அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடுகிறீர்கள் என்று வையுங்கள். மாதம் முழுக்கப் பரவி வாங்கியவை ஸ்டேட்மென்ட் திகதியில் சராசரி 15 நாள் வயதாகியிருக்கும், கட்டவேண்டிய நாளுக்கு இன்னும் 20 நாள் அளவு, ஆக 35 நாள். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 28 வீதம் என்று உச்சவரம்பு போட்டது, கணக்குக்கு அதையே எடுக்கிறேன். 48,000க்கு 35 நாள் வட்டி ஏறத்தாழ 1,290 ரூபா. புதிய கார்டில் ஒன்பது மாதம் சேர்த்த பொயின்ட்ஸ் அந்த ஒரு மாதத்தில் போய்விட்டது. பிந்திக் கட்டியிருந்தால் அதற்குரிய தண்டம் இதற்கு வெளியே. அதே உத்தரவில் அடகு வட்டிக்கு வைத்த உச்சவரம்பு 18 வீதம் என்பதையும் பாருங்கள். நகையை அடகு வைப்பதைக் குடும்ப மானம் போகிற காரியமாக நினைக்கிற நாங்கள், அதைவிடக் கூடின வட்டிக்குக் கார்டில் கடன் சுமப்பதை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை.

நீங்கள் பில்லை எப்போதும் முழுதாகக் கட்டுகிறவராக இருக்கலாம். ஆனால் பிளாட்டினம் கார்டோடு கடன் எல்லையும் ஏறும். எல்லை ஏறினால் செலவும் மெல்ல ஏறுகிறதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது ஆளைப் பொறுத்தது, எல்லாருக்கும் நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கார்டின் எல்லையும் நிலுவையும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், அதாவது கிறிப்பில், தெரியும். நீங்கள் ஒரு சதமும் பாவிக்காமல் வைத்திருந்தாலும், எவ்வளவு கடன் தாங்குவீர்கள் என்று பார்க்கும்போது அந்த எல்லையில் ஒரு பங்கை மாதச் சுமையாகக் கழிக்கிற வங்கிகள் உண்டு.

இனி லவுஞ்சும் ஹோட்டலும். லவுஞ்சுக்கு அலுவலர் சொல்லும் விலையைப் போடாதீர்கள், கார்ட் இல்லாவிட்டால் நீங்களே காசு கொடுத்து உள்ளே போயிருப்பீர்களா என்று கேட்டு அந்த விலையைப் போடுங்கள். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்காவுக்குக் கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீற்றர். இரவு முழுக்க வான் வண்டிக்குள் இருந்து, விடிய இறங்கி, பிள்ளைகளோடு கியூவில் நிற்கிற குடும்பத்துக்கு ஒரு சாய்மனை நாற்காலியும் சூடான தேத்தண்ணியும் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பல கார்டுகளில் இலவசம் கார்ட்காரருக்கு மட்டும். கணவரும் பிள்ளைகளும் காசு கொடுக்கவேண்டும், அல்லது நீங்கள் மட்டும் உள்ளே போய் அவர்களுக்குக் கையசைக்கவேண்டும். மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை சென்னை போகிற குடும்பத்துக்கு இதன் பெறுமதியை நான் சுழியம் என்றுதான் எழுதுவேன். பயணக் காப்புறுதி என்று ஒன்றும் சொல்வார்கள். டிக்கெட்டை அந்தக் கார்டிலேயே வாங்கியிருந்தால்தான் அது செல்லும் என்ற நிபந்தனை வழக்கமானது. இங்கே முகவரிடம் காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு அது இல்லாததற்குச் சமம்.

ஹோட்டல் தள்ளுபடியில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். இங்கே தொகைகள் பெரியவை. பாசிக்குடாவில் ஒரு இரவுக்கு 40,000 போடும் இடத்தில் 25 வீதம் குறைத்தால் 10,000 ரூபா, கூடுதல் கட்டணம் கிட்டத்தட்ட ஒரே இரவில் திரும்பிவிடுகிறது. கூடுதலாக விழும் பொயின்ட்ஸைப் பத்து வருடம் சேர்த்தாலும் செய்யாத வேலை இது. ஆனால் இரண்டு விஷயத்தைச் சரிபார்க்காமல் நம்பவேண்டாம். முதலாவது, அந்தத் தள்ளுபடி பிளாட்டினத்துக்கு மட்டும்தானா, அல்லது அந்த வங்கியின் எல்லாக் கார்டுகளுக்குமா? சித்திரை வருடப்பிறப்பு, நோன்புப் பெருநாள், நத்தார் காலங்களில் உடுப்புக் கடைக்கும் சூப்பர்மார்க்கட்டுக்கும் வருகிற தள்ளுபடிகளில் பெரும்பகுதி சாதாரணக் கார்டுக்கும் செல்லும். வங்கியின் இணையதளத்தில் சலுகைப் பட்டியலைத் திறந்து, கடந்த ஆறு மாதத்தில் பிளாட்டினத்துக்கு மட்டும் என்று இருந்தவற்றை எண்ணுங்கள். அதிலும் கொழும்பு, கண்டி, காலியை வெட்டிவிட்டு எங்கள் பக்கம் எத்தனை மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, எந்த விலையிலிருந்து 25 வீதம்? பெரும்பாலும் அது ஹோட்டலின் அட்டவணை விலையிலிருந்து. கார்டைப் பற்றி வாயே திறக்காமல் ஹோட்டலுக்குப் போன் எடுத்து, உள்ளூர் ஆட்களுக்கு வார நாளில் என்ன விலை என்று கேளுங்கள். 33,000 என்று சொன்னால், கார்டோடு 30,000, உண்மையான மிச்சம் 3,000தான். இந்தச் சோதனையைச் செய்த பிறகும் வருடத்துக்கு 10,500க்கு மேல் மிஞ்சுகிறது, அதுவும் கார்ட் இல்லாவிட்டாலும் நீங்கள் போயிருக்கக்கூடிய பயணத்தில், என்றால் எடுங்கள், நான் தடுக்கமாட்டேன். தள்ளுபடி இருக்கிறது என்பதற்காகவே போகிற பயணத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

முதல் வருடம் இலவசம்தானே, ஒரு வருடம் பார்த்துவிட்டு விடலாம் என்று பலர் எடுப்பார்கள். அதில் தவறில்லை, ஆனால் விடுவதற்கு ஒழுங்கு இருக்கிறது. கட்டணம் தனியாகக் கேட்டு வருவதில்லை, வருடம் முடிந்த அடுத்த ஸ்டேட்மென்டில் மற்ற செலவுகளுக்கு நடுவில் ஒரு வரியாக விழும். கார்டைப் பாவிக்காமல் மேசை லாச்சிக்குள் போட்டவர்கள் ஸ்டேட்மென்டையும் திறப்பதில்லை. அந்த 12,000 கட்டப்படாத பில்லாகி, வட்டியும் தண்டமும் ஏறி, ஒரு நாள் கடன் எடுக்கப் போகும்போது கிறிப்பில் கறுப்புப் புள்ளியாக நிற்கும். கார்டைப் பாவிக்காவிட்டால் கட்டணம் வராது என்று நம்பி வந்து கவுண்டரில் அழுத ஒரு அக்காவை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவருக்கு அந்தக் கார்ட் கிடைத்த நாளிலிருந்து ஒரு தரம்கூடத் தேய்க்கப்படவில்லை.

ஆகவே எடுத்தால், கார்ட் கிடைத்த திகதியிலிருந்து பதினோராவது மாதத்தைப் போனில் குறித்து வையுங்கள். அந்த மாதம் முதலில் பொயின்ட்ஸை வவுச்சராக மாற்றுங்கள், கார்டை மூடினால் அவை அத்தோடு போய்விடும். தவணை முறையில் ஏதாவது வாங்கியிருந்தால் மூடும்போது மிச்சத் தவணை முழுவதையும் ஒரேயடியாகக் கேட்கலாம், அதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். கணவருக்கு மேலதிகக் கார்ட் எடுத்திருந்தால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, இரண்டும் சேர்ந்து மூடப்படுமா என்று கேளுங்கள். பிறகு எழுத்தில் கேட்டு மூடுங்கள், நிலுவை இல்லை என்று கடிதமோ மின்னஞ்சலோ வரும்வரை விடாதீர்கள். போனில் "மூடியாச்சு மிஸ்" என்று சொல்வது போதாது.

இவ்வளவும் செய்ய அலுப்பாக இருந்தால் பழைய கார்டே போதும். அதில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. வருடம் முடிகிற மாதத்துக்கு முன்னால் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, மற்ற வங்கியில் பிளாட்டினம் முதல் வருடம் இலவசமாகத் தருகிறார்கள், இந்த 1,500ஐ எடுத்துவிட முடியுமா, இல்லாவிட்டால் கார்டை மூடட்டுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்குச் சில கார்டுகளின் கட்டணத்தைக் குறைக்கவோ முழுதாக எடுக்கவோ அனுமதி இருக்கும், ஒழுங்காகப் பில் கட்டுகிறவர் கேட்டால் அதைப் பாவிப்பார்கள். நானும் அந்த அனுமதியை வைத்திருந்தேன். கேட்டவர்களுக்குத்தான் கொடுத்தேன், கேளாதவர்களை நானாகத் தேடிப் போகவில்லை. முதல் ஆள் மாட்டேன் என்றால் இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை எடுங்கள், வேறொருவர் தூக்குவார். அந்த 1,500 போய்விட்டால், பிளாட்டினம் வருடம் முழுக்கக் கூடுதலாகத் தரக்கூடிய 870 ரூபாவைவிட அது பெரிய தொகை.